வாடும் க்வெஸ்ட், வாடாத க்வெஸ்ட்: வாரம் ஐந்து மணி நேரத்தில் விட்சர் 3

பாப்பா தூங்கி, மறுநாள் டிஃபனுக்கு மாவு எடுத்து வெளியே வைத்து, இரவு பத்தரைக்கு மேல்தான் எங்க வீட்டு டிவி என் கைக்கு வரும். வாரத்துக்கு நாலைந்து நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். ஆக வாரம் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கோடு "தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்" (2015) விளையாட்டை ஆரம்பித்தேன். ஒன்றரை மாதத்தில் வெறுத்துப்போய் டிஸ்க்கை உறையில் போட்டு மூடினேன். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்து, முழுசா முடித்தேன். இரண்டு முறைக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: எந்த க்வெஸ்ட்டை முதலில் செய்வது என்கிற வரிசை.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். கதையை மட்டும் ஓட்டினால் சுமார் 50 மணி நேரம். கிளைக்கதைகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்தால் 100-ஐத் தொடும். வரைபடத்தில் இருப்பதையெல்லாம் துடைத்தெடுக்க 170-க்குப் பக்கம் ஆகும். என் வாரக் கணக்கில் இவை பத்து வாரம், இருபது வாரம், முப்பத்துநாலு வாரம். கடைசி வழியில் போனால் ஆடியில் ஆரம்பித்து பங்குனியில் முடிப்பேன்! அதற்குள் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடும்.

என் முதல் தவறு வரைபடத்தில் நடந்தது. வெலன் சதுப்பு நிலத்தில் கால் வைத்ததுமே எங்கு பார்த்தாலும் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றும் அரக்கர் கூடோ, கொள்ளைக்காரர் முகாமோ, புதைத்த பெட்டியோ. எல்லாமே ஒரே மாதிரி குறி, ஒரே அளவு. எது முக்கியம் என்று வரைபடம் சொல்லாது, அதனால் பக்கத்தில் இருப்பதை முதலில் செய்யத் தோன்றும். ஸ்கெலிகே தீவுகளில் இது இன்னும் மோசம். அங்கே கடலுக்கு நடுவே இருக்கும் குறிகளில் பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் மிதக்கவிட்ட சரக்கு. படகில் போய், மேலே பறக்கும் சைரன்களைச் சமாளித்து, முங்கி எடுத்தால், கடையில் விற்கத்தான் ஆகும் சாமான் கிடைக்கும். மூன்று இரவு இதையே செய்தேன். கதை ஒரு அடிகூட நகரவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு க்வெஸ்ட்டுக்கும் பக்கத்தில் ஒரு லெவல் எண் இருக்கும். உங்கள் லெவல் அதைவிட ஆறு அல்லது அதற்கு மேல் ஏறிவிட்டால் க்வெஸ்ட் சாம்பல் நிறமாகும், அனுபவப் புள்ளிகள் பெயரளவுக்குத்தான் வரும். அதாவது "முதலில் சின்ன வேலைகளை முடித்துவிட்டு கதைக்குப் போகலாம்" என்று நினைத்தால், போகும்போது கதையே சப்பென்று ஆகியிருக்கும். எதிரி இரண்டு வெட்டில் விழுவான்.

இரண்டாவது முறை ஆரம்பிக்கும்போது ஜாம் பஜார் ஞாபகம் வந்தது. அங்கே காய் வாங்கி வந்தால் அம்மா முதலில் கொத்தமல்லியையும் கீரையையும்தான் எடுப்பாங்க. உருளைக்கிழங்கு ஒரு வாரம் மூலையில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. க்வெஸ்ட்டையும் அப்படித்தான் பிரிக்கணும். எது வாடும், எது வாடாது?

விட்சர் 3-இல் வாடும் தேதி ஒன்று உண்டு. அது The Isle of Mists என்கிற முதன்மை க்வெஸ்ட், லெவல் 22. அதைத் தொடங்கினால் முடிக்காத சில க்வெஸ்ட்டுகள் தோல்வியாகிவிடும் என்று திரையில் எச்சரிக்கை வரும். ஆனால் எவை என்று பட்டியல் தராது. அந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நிதானமாக ஆடும் ஆளுக்கு அந்த எச்சரிக்கை வருவதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கும். யாரிடம் என்ன பாக்கி வைத்தோம் என்பது எப்படி நினைவிருக்கும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். வெலனில் கெய்ரா மெட்ஸ் என்கிற சூனியக்காரியை முதன்மைக் கதையிலேயே சந்திப்பீர்கள். அந்தப் பகுதி முடிந்ததும் அவள் கேட்கும் உதவிகள் கிளைக்கதையாகப் பிரியும். நடுவில் A Towerful of Mice, கடைசியில் For the Advancement of Learning. எனக்கு மொத்தமே இரண்டரை மணி நேரம், அதாவது அரை வாரம். முடிவில் அவளிடம் சரியாகப் பேசினால் கேர் மோர்ஹென் கோட்டைக்கு அனுப்பலாம். பின்னால் நடக்கும் பெரிய சண்டையில் அவள் உங்கள் பக்கம் நின்று போராடுவாள். செய்யாமல் தீவுக்குப் போனால் அந்த வாய்ப்பு அவ்வளவுதான்.

இதைவிடப் பெரியது Reason of State. அந்த உலகத்துப் போரில் யார் ஜெயிப்பது என்பதே இதைப் பொறுத்தது. இது தீவுக்குப் பிறகுதான் நடக்கும், ஆனால் அதற்கான கதவு முன்பே திறந்திருக்கணும். A Deadly Plot, An Eye for an Eye, Redania's Most Wanted ஆகியவற்றைத் தீவுக்கு முன் முடித்திருந்தால்தான் அது வரும். சும்மா கிளைக்கதைதானே என்று விட்டால், போரை ராடோவிட் ஜெயித்துவிடுவான். ட்ரிஸ்ஸோடு உறவு வேண்டுமென்றால் Now or Never-உம் இதே தேதிக்கு முன் முடியணும்.

இந்த வாடும் கூட்டத்துக்கு நான் ஒதுக்கியது இருபது மணி நேரம். கதையின் 50-ஓடு சேர்த்து 70, அதாவது பதினாலு வாரம். மீதி எல்லாம் உருளைக்கிழங்கு. புதையல் வேட்டை, கேள்விக்குறி, குதிரைப் பந்தயம் இவற்றுக்கு அவசரமே கிடையாது. கதை முடிந்த பிறகும் உலகம் திறந்தே இருக்கும். அரக்கர் வேட்டை ஒப்பந்தங்களை மட்டும் தனியாக வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து முடியும் குட்டிக் கதை. அலுவலகத்தில் அடி வாங்கிவிட்டு வரும் நாளுக்கு அதுதான் சரி.

செயல்முறை எளிது. ஒரு காகிதத்தில் வாடும் க்வெஸ்ட்டுகளின் பெயரை எழுதி டிவி பக்கத்தில் ஒட்டினேன். 2022 டிசம்பரில் வந்த 4.0 புதுப்பிப்புக்குப் பிறகு, வரைபடத்தின் இயல்பு நிலையே கேள்விக்குறிகளை மறைத்துவிடுகிறது. அதை மாற்றாமல் அப்படியே விடுங்கள். லெவல் ஏறிப்போய் சண்டை சப்பென்று இருந்தால், அமைப்புகளில் Enemy Upscaling என்று ஒன்று உண்டு, எதிரிகள் உங்கள் லெவலுக்கு ஏறி வருவார்கள். இரண்டு வாரம் தொட முடியாமல் போனால் ஜர்னலைத் திறந்து அந்த க்வெஸ்ட்டின் குறிப்பைப் படியுங்கள். கவிஞன் டேண்டிலையன் கதை சொல்வது மாதிரி எழுதியிருப்பதால் விட்ட இடம் பிடிபடும். தீவுக்குக் கிளம்பும் முன் தனியாக ஒரு சேவ் போட்டு வைத்துவிடுங்கள், பட்டியலில் ஏதாவது விட்டிருந்தால் திரும்பி வரலாம்.

இந்தக் கணக்கு எல்லா விளையாட்டுக்கும் பொருந்தாது. வாடும் தேதியே இல்லாத விளையாட்டில் இந்தப் பட்டியலுக்கு வேலை இல்லை. பட்டியல் போடுவதற்கு இணையத்தில் பார்க்கத்தான் வேண்டும், அதில் கதையின் சில திருப்பங்கள் கண்ணில் பட்டுவிடும். க்வெஸ்ட் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு விளக்கத்தைப் படிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அலுப்பு வருகிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு அடையாளம் இருக்கிறது: வசனம் பேசி முடிப்பதற்குள் பட்டனைத் தட்டித் தாண்டுகிறேன் என்றால், அன்றைக்கு ஆட்டம் போதும். முதல் முறை இரண்டாம் வாரத்திலேயே தட்ட ஆரம்பித்திருந்தேன். இரண்டாவது முறை பதினாறு வாரம் ஆனது, கணக்கைவிட இரண்டு கூடுதல். ஸ்கெலிகே கடலில் அந்தப் பெட்டிகள் இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன.