ஆறு எண்கள், ஒரு கோடு: டிசைனர் இல்லாமல் ஒரு வரைபட வீடியோ

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களின் எழுத்தறிவு 73.75 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு 73.44. அதாவது, ஆண்கள் இருந்த இடத்துக்குப் பெண்கள் கிட்டத்தட்ட வந்து சேரவே இருபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அட்டவணையில் இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும். படிப்பவர் அவற்றைத் தானாகச் சேர்த்துப் பார்க்க மாட்டார். அசையும் படத்தில் ஒரு பட்டையின் உச்சியிலிருந்து இன்னொரு பட்டையின் உச்சிக்கு ஒரு கோடு ஓடினால் போதும், பார்ப்பவருக்கு நொடியில் பிடிபடும். இந்த ஒரு கோட்டுக்காக நாற்பது விநாடி வீடியோ ஒன்றைச் செய்வோம். வரையத் தெரிய வேண்டாம். அடோபி பிரிமியர் புரோவும், அதில் ஓடும் ஒரு மோஷன் கிராஃபிக்ஸ் டெம்ப்ளேட்டும் இருந்தால் போதும்.

டெம்ப்ளேட் தேடுவதற்கு முன் சொல்லப் போவதை ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள். வாக்கியம் இல்லாமல் தொடங்கினால், கையில் கிடைத்த டெம்ப்ளேட்டில் எத்தனை பட்டை இருக்கிறதோ அத்தனை எண்களைத் தேடிப் போய் நிரப்புவோம். நம் வாக்கியம் முடிவாகிவிட்டது. அதற்குத் தேவையானவை ஆறே எண்கள்:

```
Year,Male,Female
1991,73.75,51.33
2001,82.42,64.43
2011,86.77,73.44
```

1981-ஐயும் சேர்த்தால் என்ன என்று தோன்றும். சேர்க்கக் கூடாது. 1991 முதல் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த விகிதம் கணக்கிடப்படுகிறது. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வயது வரம்பு வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், பட்டை உயர்ந்ததற்குக் காரணம் படிப்பா, கணக்குமுறை மாறியதா என்று தெரியாமல் போய்விடும்.

டெம்ப்ளேட் `.mogrt` என்ற பின்னொட்டுள்ள ஒரு கோப்பாக வரும். பெரும்பாலும் யாரோ ஒருவர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்து, நாம் மாற்றக்கூடிய சிலவற்றை மட்டும் வெளியே திறந்து வைத்திருப்பார். பிரிமியரில் Essential Graphics பலகத்திலிருந்து அதை நிறுவி டைம்லைனில் இழுத்துப் போடலாம். புதிய பதிப்புகளில் அந்தப் பலகத்தின் பெயர் Graphics Templates. எண்களை மாற்றும் இடம் Properties பலகத்துக்குப் போய்விட்டது. நம் தேவைக்கு, மூன்று ஜோடிப் பட்டைகள் நிற்கும் எளிய பட்டை வரைபடம் போதும். முப்பரிமாணப் பட்டைகளைத் தொடாதீர்கள். அவற்றில் உச்சி எங்கே இருக்கிறது என்பதே தெளிவாகத் தெரியாது. நம் கோடு தொட வேண்டியதோ அந்த உச்சியைத்தான்.

எண்களை உள்ளே போடுவதில் டெம்ப்ளேட்டுகள் இரண்டு வகை. முதல் வகையில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். மேலே காட்டிய CSV கோப்பை அதில் சேர்த்தால் பட்டைகள் தாமாக மாறும். தலைப்பு வரியை மட்டும் டெம்ப்ளேட்டில் உள்ளபடியே விட்டுவிடுங்கள், ஏனென்றால் சில டெம்ப்ளேட்டுகள் அந்தப் பெயரை வைத்துத்தான் எண்ணைத் தேடுகின்றன. இரண்டாவது வகைதான் அதிகம் கிடைக்கும், ஆபத்தும் அதில்தான். ஒவ்வொரு பட்டைக்கும் உயரத்துக்கு ஒரு ஸ்லைடர், மேலே தெரியும் எண்ணுக்குத் தனியாக ஓர் எழுத்துப் பெட்டி. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. பெட்டியில் 51.33 என்று தட்டிவிட்டு ஸ்லைடரை மறந்துவிட்டால், டெம்ப்ளேட் செய்தவர் மாதிரிக்கு வைத்த உயரத்திலேயே பட்டை நிற்கும். எண் சரி, படம் பொய். வரைபடம் பார்க்க அழகாகவே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

இதைக் கண்டுபிடிக்க அளந்து பார்ப்பது ஒன்றே வழி. View பட்டியலில் Show Rulers, Show Guides இரண்டையும் தட்டுங்கள். நம் ஃபிரேம் 1920×1080 பிக்சல். வரைபடத்தின் அடிக்கோடு மேலிருந்து 900-வது பிக்சலிலும், நூறு விழுக்காடு 300-வது பிக்சலிலும் இருக்கும்படி டெம்ப்ளேட்டை வைத்துக்கொள்வோம். இடையில் 600 பிக்சல். ஒரு விழுக்காட்டுக்கு 6 பிக்சல். 51.33-ஐ ஆறால் பெருக்கினால் 308. எனவே 1991 பெண்கள் பட்டையின் உச்சி 592-வது பிக்சலில் இருக்க வேண்டும். Add Guide மூலம் 592-ல் ஒரு வழிகோடு போட்டுப் பாருங்கள். பட்டை அதைத் தாண்டினாலோ எட்டாமல் நின்றாலோ ஸ்லைடரைத் திருத்துங்கள். ஆறு பட்டைகளுக்கும் இதைச் செய்ய அதிக நேரம் ஆகாது. வீடியோவின் நாணயம் முழுக்க இந்த வேலையில்தான் இருக்கிறது. இதைத் தவிர்த்துவிட்டு மற்றதை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பயனில்லை.

அளக்கும்போது இன்னொரு தவறும் வெளிப்படும். சில டெம்ப்ளேட்டுகள், கொடுத்த எண்களில் மிகப் பெரியதை முழு உயரமாக எடுத்துக்கொள்ளும். மூன்று ஆண்டுகளையும் மூன்று தனிக் கிளிப்புகளாகப் போட்டால், 1991-ன் 73.75-ம் 2011-ன் 86.77-ம் ஒரே உயரத்தில் நிற்கும். உச்ச அளவு என்று ஓர் இடம் இருந்தால் அதில் 100 என்று கொடுங்கள். அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் வேறு டெம்ப்ளேட் பாருங்கள். அடிக்கோடும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். பட்டையில் கண் ஒப்பிடுவது நீளத்தை. அடியை வெட்டி 40-லிருந்து தொடங்கினால் 51 விழுக்காடு ஒன்றுமில்லாதது போலத் தெரியும்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைத் தட்டியதும் முதலில் உடைவது கொம்புதான். "பெண்" என்று தட்டினால் பகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். பிரிமியரின் Preferences-ல், Graphics பகுதியில், South Asian and Middle Eastern என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள்; பிரிமியரிலேயே தட்டும் எழுத்துகள் சரியாகும். ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும் எழுத்துகள் அப்போதும் உடைந்தே இருக்கலாம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

கொம்பு சரியாக வந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். பல டெம்ப்ளேட்டுகளில் தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகப் பறந்து வந்து சேரும். தமிழில் அப்படிச் செய்தால் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக வந்து, "கொ" என்பது நடுவழியில் மூன்று துண்டாகத் தெரியலாம். எழுத்தாக அல்லாமல் சொல்லாகவோ வரியாகவோ தோன்றும் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் சரிப்படவில்லை என்றால் டெம்ப்ளேட்டின் எழுத்துப் பெட்டிகளைக் காலியாக விட்டுவிட்டு, தலைப்பையும் பெயர்களையும் பிரிமியரின் சொந்த எழுத்துக் கருவியில் தட்டி மேல் தடத்தில் வையுங்கள். மெல்லத் தோன்றி மறைவதே அவற்றுக்குப் போதுமான அசைவு.

இனி நேரம். முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள், படத்தை அதற்கு ஏற்ப வையுங்கள். "1991-ல் ஆண்கள் நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர், பெண்கள் ஐம்பத்தோரு பேர்" என்று சொல்லும்போது அந்த ஜோடிப் பட்டைகள் எழட்டும். எழுவதற்கு ஒரு விநாடி தாராளம். எழுந்த பிறகு குறைந்தது மூன்று விநாடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் அசையும் எண்ணை யாராலும் படிக்க முடியாது. டெம்ப்ளேட் அதற்குள் முடிந்துவிட்டால் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். செய்தவர் தொடக்கத்தையும் முடிவையும் பாதுகாத்து வைத்திருந்தால் நடுப்பகுதி மட்டும் நீளும். நீளாவிட்டால் கிளிப்பை Nest செய்து, பட்டைகள் நின்ற ஃபிரேமில் Add Frame Hold கொடுங்கள்.

பட்டை உச்சிக்கு மேலே துள்ளிவிட்டுக் கீழே வந்து அமரும் அசைவு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். 86.77 துள்ளும்போது 95-ஐத் தொட்டுவிட்டு வரும். அந்தக் கண நேரத்துக்குத் திரையில் இருப்பது தவறான எண்.

மூன்று ஜோடிகளும் நின்றபின் நம் கோட்டுக்கு வருவோம். மேல் தடத்தில் நான்கு பிக்சல் தடிமனில் ஒரு நீளமான செவ்வகம் வரையுங்கள். அதன் உயரம் 1991 ஆண்கள் பட்டையின் உச்சி, அதாவது 900-லிருந்து 442 கழித்தால் வரும் 458-வது பிக்சல். இடப்பக்கம் அந்தப் பட்டையில் தொடங்கி வலப்பக்கம் 2011 பெண்கள் பட்டையில் முடியட்டும். Crop எஃபெக்டைப் போட்டு, Right மதிப்புக்குக் கோடு முழுதும் மறையும் அளவில் ஒரு கீஃபிரேமும், ஒன்றரை விநாடி கழித்து 0-வில் இன்னொரு கீஃபிரேமும் வைத்தால் கோடு இடமிருந்து வலமாக ஓடும். வழியில் 2001 ஆண்கள் பட்டையையும் 2011 ஆண்கள் பட்டையையும் அது குறுக்கே வெட்டிப் போகும், அவை உயரமானவை என்பதால். கண் அங்கே சிதறாமலிருக்க, கோடு புறப்படுவதற்கு முன் மற்ற நான்கு பட்டைகளின் மீதும் பின்னணி நிறத்திலேயே செவ்வகங்களை வைத்து, Opacity-யை 0-விலிருந்து 70 வரை ஏற்றுங்கள். அவை மங்கிப் பின்வாங்க, இரண்டு பட்டைகளும் கோடும் மட்டும் முன்னே நிற்கும்.

கணக்குப்படி 2011 பெண்கள் பட்டையின் உச்சி 459-வது பிக்சல். கோட்டின் நடுவிலிருந்து ஒரு பிக்சல் கீழே. அதைத் தொட வைக்கப் பட்டையைத் தூக்காதீர்கள். குரலில் "கிட்டத்தட்ட" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான்.

கோடு நின்றபின், இருபால் இடைவெளி 22.42-லிருந்து 13.33 ஆகச் சுருங்கியதை ஒரே வரியில் சொல்லலாம். இதை "ஒன்பது விழுக்காடு குறைந்தது" என்று எழுதினால் தவறு; குறைந்தது ஒன்பது விழுக்காட்டுப் புள்ளிகள். விழுக்காட்டில் சொன்னால் இடைவெளி ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சுருங்கியிருக்கிறது. இரண்டில் எதைச் சொன்னாலும் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

கடைசி மூன்று விநாடிகளில் தரவு எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1991, 2001, 2011, 7 வயதும் அதற்கு மேலும். பிறகு H.264-ல் ஏற்றுமதி செய்து, ஒலியை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பேருந்தில் பார்ப்பவர் அப்படித்தான் பார்க்கப் போகிறார். ஆண்டுகளும் எண்களும் கையை நீட்டிப் பிடித்த தூரத்தில் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அதற்கு இடமில்லாவிட்டால் தசமப் புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்களை எடுத்துவிடலாம்: 74, 51, 82, 64, 87, 73. ஆனால் அப்போது கோடு இணைக்கும் இரண்டு பட்டைகளின் மேலே 74 என்றும் 73 என்றும் வரும், ஏன் ஒரே உயரம் என்று பார்ப்பவர் கேட்பார். அந்த இரண்டில் மட்டும் 73.75, 73.44 என்று தசமத்தோடு கூடிய எண்ணையே விட்டுவையுங்கள்.