ஓர் எழுத்தில் புரளும் குறிப்பு

கணவரின் தொழிலுக்காக மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்குப் போன தாய் ஒருவர், மகனின் பாடசாலை டயரிப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிள்ளை படிப்பது சிங்கள மொழிமூலம். தாய்க்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. “வீட்டுப்பாடம் செய்திருக்கு என்றுதான் டீச்சர் எழுதியிருக்கா எண்டு மகன் சொல்றான், சரியா தம்பி?” என்று கேட்டார்.

முதல் வரி “கெதர வெட கர” வரை தெளிவு. கடைசிச் சொல் பக்க மடிப்பில் இருந்தது. அது “எத்த” என்றால் செய்திருக்கிறது. “நெத்த” என்றால் செய்யவில்லை. சிங்களத்தில் இரண்டு சொற்களுக்கும் உயிர்க்குறியும் கடைசி எழுத்தும் ஒன்றே. முதல் எழுத்து அகரமா நகரமா என்பதுதான் கேள்வி.

ஊகிக்காமல், டயரியை விரித்து வெளிச்சத்தில் மீண்டும் படமெடுக்கச் சொன்னேன். முந்தைய பக்கங்களையும் கேட்டேன். அதே ஆசிரியை எழுதிய “அம்மா” என்ற சொல்லில் அகரம் கிடைத்தது. மடிப்பிலிருந்தது அதைப்போல் இல்லை, அவர் எழுதும் நகரமேதான். ஆக, செய்யவில்லை.

அடுத்த வரியில் “எவன்ன” என்பதன் நடு எழுத்து மங்கியிருந்தது. அது இல்லையென்றால் “என்ன”. நம் காதுக்குக் கேள்வி, சிங்களத்தில் ‘வாருங்கள்’. தாய் வேலையை விட்டுப் பாடசாலைக்கு ஓடியிருப்பார். முன்னால் “பொத்த”, அதாவது கொப்பி, இருந்ததால் ‘அனுப்புங்கள்’ என்பதே பொருந்தியது.

குரல்பதிவில் இரண்டு வரிகளையும் சொன்னேன். இரண்டாவது வரி ஊகம் கலந்தது, ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தேன். மகன் பொய் சொன்னானா, அந்த எழுத்தில் அவனும் தடுமாறினானா என்பதைப் படம் காட்டாது.