வாசல் அடைபட்ட கல்லீரல்

விரல் இடுக்கிலும் முழங்கையிலும் பிட்டத்திலும் மஞ்சளாகத் தடித்த கட்டிகள், வலி கிடையாது. மரு என்று நினைத்து அறுத்தெடுத்தாலும் மறுபடி வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் பார்க்க யாருக்குத் தோன்றும்? பார்த்தால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 500ஐத் தாண்டியிருக்கும். வழக்கமாக 100 சொச்சம்தான் இருக்க வேண்டும்.

எல்.டி.எல்லை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் வாசல்கள் கல்லீரலில் உண்டு. அதற்கான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் வாசல் திறக்காது. இதுதான் ஹோமோசைகஸ் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய். சுமார் 3 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். நம்மைப்போல் சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் ஊர்களில் வாய்ப்பு கூடுதல். ஸ்டாட்டின் மாத்திரை வாசல்களைப் பெருக்கித்தான் வேலை செய்கிறது. பழுதான வாசலைப் பெருக்கி என்ன பயன்?

அமெரிக்கச் சிறுமி ஸ்டார்மி ஜோன்ஸுக்கு இந்த நோயால் ஆறு வயதிலேயே இதயம் கெட்டுவிட்டது. 1984 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள். 1,000க்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் 300 அளவுக்கு இறங்கியது; குறை கல்லீரலில்தான் என்பது கண்கூடானது. 1990இல், 13 வயதில், அவள் இறந்தாள்.

இன்று பல நாடுகளில் பிள்ளைகளுக்குச் செய்வது அஃபெரிசிஸ். டயாலிசிஸ் போலத்தான்: ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் பிளாஸ்மா பிரிந்து, எல்.டி.எல்லை ஒட்டிப் பிடிக்கும் குழாய் வழியே போய், மறு கையில் திரும்புகிறது. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். உள்ளே போகும்போது 600 என்றால் வெளியே வரும்போது 200 இருக்கலாம். ஆனால் மறுநாளே ஏறத் தொடங்கும். அதனால் வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். முடிந்தவுடன் எடுத்த அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது ஏமாற்று. அடுத்த முறைக்கு முன் எவ்வளவு ஏறியது என்பதே கணக்கு. சின்னப் பிள்ளையின் மெல்லிய நரம்பில் ஊசி ஏற்றுவதே பெரும்பாடு. ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் கால்சியம் குறைந்து உதடு மரமரக்கும். 'வாயைச் சுற்றிக் குறுகுறுங்குது' என்று பிள்ளை சொன்னால் செவிலியர் உடனே கவனிக்க வேண்டும்.

லோமிடபைட் மாத்திரை வாசல் பக்கமே போவதில்லை. கல்லீரலும் குடலும் கொழுப்புப் பொட்டலம் கட்டுவதையே தடுக்கிறது. 2013இல் வெளியான, பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் எல்.டி.எல். பாதியாகக் குறைந்தது. ஆனால் வெளியே போகாத கொழுப்பு கல்லீரலிலேயே தங்கக்கூடும். அதனால் சிறு அளவில் தொடங்கி, ரத்தத்தில் கல்லீரல் நொதிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உணவின் கலோரியில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் ஒன்று கூடினாலும் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் பஜ்ஜியை மறைத்து வைப்பதும் இந்த வைத்தியத்தில் சேர்த்திதான்.