ரீச்சரோடு ஒரு ஒப்பந்தம்

2025 மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. வகுப்பு முடிந்து வாசலில் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்த ரீச்சர், "தம்பி, இந்த மாசம் அஞ்சு சனி வந்ததெல்லே? ஒரு 25 பவுண்ட்ஸ் குறையுது" என்றார். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஏனென்றால் என் கணக்கில் ரீச்சர்தான் எங்களுக்கு 75 பவுண்ட்ஸ் திருப்பித் தர வேண்டியிருந்தது.

லண்டனில் எங்கள் வீட்டுக்கே வந்து என் எட்டு வயது மகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர் அவர். சனி காலை 10 முதல் 11 வரை. மாதம் 100 பவுண்ட்ஸ் என்று ஆரம்பத்தில் வாயால் பேசினது மட்டும்தான். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவர், விசேஷங்களில் சந்திப்பவர். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் "ஒரு அக்ரிமென்ட் எழுதுவோமா?" என்று எப்படிக் கேட்பது? நம்மில் பலருக்கும் இதே கூச்சம்தான். நான் கேட்காமல் விட்டதற்கு இரண்டு இடத்தில் அடி விழுந்தது. காசுக் கணக்கு ஒன்று. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காசு. எங்கள் இருவர் கணக்குக்கும் இடையில் 100 பவுண்ட்ஸ் இடைவெளி. இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த ஜனவரி முதல் மார்ச் வரை 13 சனிக்கிழமைகள். நான் மாதம் 100 வீதம் 300 கட்டியிருந்தேன். ஜனவரி 18 மகளுக்குக் காய்ச்சல், காலை ஏழரைக்குத்தான் செய்தி அனுப்பினேன். பெப்ரவரி 8 ரீச்சர் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார். பெப்ரவரி 22 பள்ளி அரைத்தவணை விடுமுறை, நாங்கள் ஊரில் இல்லை. அதை இரண்டு கிழமைக்கு முன்பே வாசலில் நின்று சொன்னேன். ரீச்சருக்கு ஞாபகம் இல்லை. மார்ச் 15 மகளின் நீச்சல் போட்டி. சொல்லவே மறந்துபோனோம், பாவம் மனுஷி பஸ் பிடித்து வந்து பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

ஆக நடந்தது 9 வகுப்பு, 225 பவுண்ட்ஸ், மிச்சம் 75 என்பது என் கணக்கு. ரீச்சர் கணக்கோ வேறு. செத்தவீட்டுக்குப் போன வகுப்பை, அடுத்த இரண்டு வகுப்புகளில் அரை அரை மணி நேரம் கூட்டி எடுத்து ஈடு செய்துவிட்டார். (நான் மேல்மாடியில் மீட்டிங்கில் இருந்தேன், கவனிக்கவே இல்லை.) மற்ற நாட்களில் அவர் தயாராகத்தான் இருந்தார், நாங்கள்தான் இல்லை. எனவே 13 வகுப்பு, 325 பவுண்ட்ஸ்.

இங்கே மூலக் குழப்பம் "மாதம் 100" என்ற பேச்சில்தான் இருக்கிறது. மாதத்துக்கு நாலு வகுப்பு என்றால் வருசத்துக்கு 48. ஆனால் வருசத்தில் 52 சனி வரும். அந்த நாலு வகுப்பு யார் தலையில் விழுகிறது என்று யாரும் பேசுவதில்லை. அதனால் எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே மாதக் கட்டணத்தை எடுத்துவிட்டோம். நாங்கள் எழுதினது இது:

"ஒரு வகுப்பு 60 நிமிடம், கட்டணம் 25 பவுண்ட்ஸ். மாதக் கடைசியில் நடந்த வகுப்புகளையும் கீழே சொன்ன ரத்துக் கட்டணங்களையும் கூட்டி ரீச்சர் கணக்கு அனுப்புவார். 7 நாட்களுக்குள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கட்டணத்தைக் கூட்டுவதானால் 4 கிழமைக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும்."

அடுத்தது ரத்து. இதுதான் நேரம் எடுத்தது. நான் முதலில் எழுதின வரி "வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்" என்பது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்கூட்டி என்றால் எப்போது? அறிவிப்பது என்றால் எப்படி? வாசலில் சொன்னது கணக்கில் வருமா? வேலையில் ஒரு புரோகிராம் எழுதினால் பழைய டேட்டாவை ஓட விட்டுத்தான் சரிபார்ப்போம். இதற்கும் அதையே செய்தேன். வாட்ஸ்அப்பில் பழைய செய்திகளைத் தேடி, அந்த நாலு சனிக்கிழமைகளையும் ஒரு தாளில் எழுதி, எழுதின வரியை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். என் முதல் வரி ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

ரீச்சரோடு தேத்தண்ணி குடித்தபடி பேசினோம். காய்ச்சலுக்குக் காசு எடுப்பது சரியில்லை என்றேன். "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் எனக்கும் கவலைதான் தம்பி. ஆனா சனி காலமை ஏழரைக்குச் சொன்னா அந்தப் பத்து மணிக்கு நான் வேற ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். நியாயம்தானே? காரணம் எதுவானாலும் அவருக்குப் போவது அதே ஒரு மணி நேரம். அதனால் காரணத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் வைத்து எழுதினோம்:

"வகுப்பு தொடங்க 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு சொன்னால் பாதி, 12.50 பவுண்ட்ஸ். சொல்லாமல் விட்டு ரீச்சர் வந்து திரும்பினால் முழுக் கட்டணம். அந்த நேரத்தில் ரீச்சர் வேறொரு பிள்ளைக்கு வகுப்பு எடுத்தால் ரத்துக் கட்டணம் கிடையாது. ரீச்சர் வராவிட்டால் கட்டணம் இல்லை. இருவரும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் இன்னொரு நாள் ஈடு செய்யலாம். அறிவிப்பு என்பது வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பின செய்தி, அது அனுப்பப்பட்ட நேரம்."

இப்போது பழைய கணக்கை இதில் ஓட விட்டோம். நடந்த 9 வகுப்பு 225. ஈடு செய்த ஒரு மணி நேரம் 25. காய்ச்சல் நாள் 12.50. விடுமுறை நாளுக்கு, என் வாய்ப்பேச்சை ரீச்சர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டதால், பூச்சியம். பூட்டின கதவுக்கு 25. மொத்தம் 287.50. நான் கட்டினது 300. ஆக 12.50 எங்கள் பக்கம் மிச்சம், அடுத்த வகுப்பில் கழித்துக்கொண்டோம். நான் நினைத்த 75-உம் இல்லை, அவர் நினைத்த 25-உம் இல்லை.

வேறொரு பிள்ளை பற்றிய அந்த வரியை வேண்டுமென்றுதான் போட்டேன். பிரித்தானியாவின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாடிக்கையாளருக்கு நியாயமற்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. ரத்துக் கட்டணம் என்பது ஆசிரியருக்கு உண்மையில் ஏற்படும் நட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக் கூடாது. நட்டமே இல்லாத இடத்தில் காசு எடுத்தால் அது நிற்பது கஷ்டம்.

இன்னொரு சட்டமும் இங்கே உண்டு, ஆசிரியர்கள் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டிலோ போனிலோ இன்டர்நெட்டிலோ செய்த சேவை ஒப்பந்தம் என்றால் பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். இந்த உரிமையை எழுத்தில் தெரிவிப்பது ஆசிரியரின் பொறுப்பு. தெரிவிக்காவிட்டால் விலகும் காலம் மேலும் 12 மாதம் வரை நீளும். அந்த 14 நாட்களுக்குள்ளேயே வகுப்பைத் தொடங்க விரும்பினால் அதைப் பெற்றோர் வெளிப்படையாகக் கேட்டதாக ஒரு வரி வேண்டும்; பிறகு விலகினால் எடுத்த வகுப்புகளுக்கு மட்டும் கட்டினால் போதும். இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். இது இங்குள்ள நிலை. நீங்கள் கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டாவது அடி. மகள் ஒரு குறளைச் சொல்வதை ரீச்சர் போனில் எடுத்து, தன்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் போட்டிருந்தார். பெருமையில்தான் போட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பின்னால் கதிரையில் மகளின் பள்ளிச் சீருடை, பள்ளிப் பெயர் தெரிய. அதைவிட மோசம், ஒரு பிறந்தநாள் விழாவில் வேறொரு பிள்ளை மகளிடம், "நீதானே 'ழ' சொல்லத் தெரியாத ஆள்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறது. இரண்டு கிழமை அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ரீச்சருக்குக் காரணம் தெரியாது, எங்களுக்கும் பிறகுதான் தெரிய வந்தது.

அதனால் இரகசியம் பற்றிய பகுதியை அவசரமாக எழுதவில்லை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் "எல்லாத் தகவலும் இரகசியம்" என்று ஒரு வரி இருக்கும். அது போதாது, வீடியோ "தகவல்" என்று ரீச்சருக்குத் தோன்றியிருக்கவே மாட்டாது. எது எது என்று பெயர் சொல்லி எழுதினோம்:

"பிள்ளையின் படம், குரல், வீடியோ, பயிற்சித் தாள், மதிப்பெண், பள்ளிப் பெயர், வீட்டு விலாசம், உடல்நலம் பற்றிய விசயங்கள் எதையும் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் அனுப்பவோ காட்டவோ கூடாது. அனுமதி ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி. வகுப்புகள் நின்றால் 30 நாட்களுக்குள் பதிவுகளை அழிக்க வேண்டும். இந்த இரகசியக் கடமை அதன் பிறகும் தொடரும்."

மறுபக்கமும் இருக்கிறது. ரீச்சர் ராவிராவாக இருந்து தயாரித்த பயிற்சித் தாள்களை என் மனைவி நல்லெண்ணத்தில் தன் தங்கைக்கு அனுப்பியிருந்தாள். அதுவும் இனிக் கூடாது என்று எழுதினோம். அப்போது ரீச்சர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது, அது அவருக்கு எவ்வளவு நாள் உறுத்தலாக இருந்தது என்று புரிந்தது.

ஒரு விதிவிலக்கு கட்டாயம் வேண்டும். பிள்ளைக்கு ஏதோ ஆபத்து என்று ரீச்சருக்குத் தோன்றினால், அது எங்கள் வீட்டுக்குள் இருந்தே வரும் ஆபத்தானாலும், பொலிசுக்கோ உள்ளூராட்சியின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவுக்கோ சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. எங்கள் வீட்டைப் பற்றியே இப்படி ஒரு வரி எழுதும்போது கை கொஞ்சம் தயங்கினது உண்மை. ஆனால் யாராவது உங்களிடம் இந்த விதிவிலக்கு இல்லாத இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். மேலே இருவர் பெயர், விலாசம், தொடங்கும் தேதி. கீழே, யார் நிறுத்த விரும்பினாலும் 2 கிழமை அறிவிப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினதால், இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி. நாங்கள் ஆங்கிலத்தை வைத்தோம். ஒப்பந்தத்தில் "அடுத்த சனி" என்று எழுதின இடங்களை எல்லாம் தேதியாக மாற்றினேன். நாளைக்கே வரும் சனியா அதற்கடுத்ததா என்று எங்கள் வீட்டிலேயே இன்னும் முடிவாகவில்லை.

இரண்டு பிரதிகளையும் ரீச்சரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு, சத்தமாக முழுவதையும் வாசித்தார். பிறகு கைப்பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் ஒற்றுப் பிழை திருத்தினார். "இதைத் திருத்தி அடிச்சுக்கொண்டு வாங்கோ தம்பி. அடுத்த சனி கையெழுத்து வைப்பம்" என்றார். எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.