வங்கிக் கணக்கு அறிக்கைக் கோப்பின் கடவுச்சொல்

வங்கிக் கணக்கு அறிக்கைக் கோப்பின் கடவுச்சொல் என்பது, வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் பி.டி.எஃப். கோப்பைத் திறக்கத் தேவைப்படும் எழுத்து அல்லது இலக்கத் தொடர் ஆகும். இந்தியாவில் இது பெரும்பாலும் வாடிக்கையாளரின் பெயர், பிறந்த நாள், செல்பேசி எண் ஆகியவற்றின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்படுகிறது. மின்னஞ்சலில் கடவுச்சொல் இராது. அதனை உருவாக்கும் விதி மட்டுமே இருக்கும்.

## எடுத்துக்காட்டு

பாரத ஸ்டேட் வங்கி பயன்படுத்திய விதிகளுள் ஒன்று, பதிவு செய்த செல்பேசி எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் பிறந்த நாளை DDMMYY வடிவிலும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுவதாகும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வேலை செய்பவர், கடன் பெறுவதற்காகத் தம் அறிக்கையைத் திறக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவருடைய எண் 43210 என முடிகிறது. அவர் பிறந்த நாள் 5 சூலை 1988. எனவே கடவுச்சொல் 43210050788 ஆகும். நாளுக்கும் மாதத்துக்கும் முன்னுள்ள சுழியங்களை விட்டுவிட்டால் கோப்பு திறக்காது.

## திறக்காமைக்கான காரணங்கள்

வங்கியின் பதிவிலுள்ள விவரமே கணக்கில் கொள்ளப்படும். உண்மையான பிறந்த நாள் தெரியாமல் சனவரி 1 எனப் பதியப்பட்டிருந்தால், 010188 என்றே எழுத வேண்டும். கோப்பு உருவாக்கப்படும்போதே பூட்டப்படுவதால், பின்னர் செல்பேசி எண்ணை மாற்றினாலும் பழைய கோப்பு பழைய எண்ணுக்கே திறக்கும். தனியார் நிறுவனக் கணக்குகளில், பிறந்த நாளுக்குப் பதிலாக நிறுவனம் பதிவு செய்யப்பட்ட நாள் கேட்கப்படலாம்.

பெயர் சார்ந்த விதிகளில் தமிழரின் தலைப்பெழுத்து சிக்கலைத் தருகிறது. வங்கி ஆவணம் அன்றெனினும், இ-ஆதார் கோப்பின் விதி இதனை விளக்கும். அதில் பெயரின் முதல் 4 குறிகளைப் பெரிய எழுத்திலும், அதனையடுத்துப் பிறந்த ஆண்டையும் எழுத வேண்டும். 1990 இல் பிறந்த P. KUMAR என்பவருக்கு இது P.KU1990 ஆகும், புள்ளியும் ஒரு குறியாக எண்ணப்படுகிறது. KUMA1990 எனத் தொடங்கினால் கோப்பு திறக்காது.

## பூட்டை நீக்குதல்

கடவுச்சொல்லை அறிந்த உரிமையாளர், qpdf என்னும் கட்டற்ற மென்பொருள் மூலம் பூட்டில்லாத படியொன்றை உருவாக்கலாம்.

```
qpdf --password=43210050788 --decrypt in.pdf out.pdf
```

## வரம்புகள்

இணைய வங்கிக் கணக்கில் சில முறை தவறினால் நுழைவு முடக்கப்படும். கணினியில் சேமித்த கோப்புக்கு அத்தகைய தடை இல்லை. எத்தனை முறையும் முயலலாம். ஒருவரின் பிறந்த நாளை மட்டும் அறிந்தவருக்கு, மேற்கண்ட விதியில் எஞ்சுவது 1,00,000 வாய்ப்புகளே. கணினி நிரலொன்று அவற்றை விரைவில் சோதித்துவிடும். செல்பேசி எண்ணையும் அறிந்த மேற்பார்வையாளருக்கோ உடன் தங்கியிருப்பவருக்கோ ஊகமே தேவையில்லை. ஆகவே இப்பூட்டு, தவறான முகவரிக்குச் சென்ற மின்னஞ்சலை அந்நியர் படிப்பதைத் தடுக்கும். நன்கு அறிந்தவரைத் தடுக்காது.