காலை 7.30: ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து நிமிடப் பேச்சு

காலை 7.30க்கு மணி அடிக்கிறது. ஆடைத் தொழிற்சாலையின் தையல் பகுதியில் ஒவ்வொரு லைனின் முன்னாலும் பிள்ளைகள் அரைவட்டமாக நிற்கிறார்கள். மேற்பார்வையாளர் கையில் ஒரு தாளுடன் பேசத் தொடங்குகிறார். ஐந்து நிமிடம் கழித்து மெசின்கள் ஓடத் தொடங்கிவிடும். கட்டுநாயக்க வலயத்திலும் சரி, வடக்கில் போருக்குப் பின்னர் வந்த தொழிற்சாலைகளிலும் சரி, இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை.

அந்தப் பேச்சில் இருப்பவை மூன்றே விடயங்கள்தான்: இன்றைய இலக்கு, கவனிக்க வேண்டிய இடம், நேற்றைய வேலைக்கு ஒரு நன்றி. ஆனால் அன்று சாப்பாட்டு இடைவேளையை யார் முழுமையாக எடுப்பார்கள், கழிப்பறைக்குப் போக யார் தயங்குவார்கள், தவறிய தையலை யார் மறைப்பார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இலக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு லைனில் 30 தையல் மெசின்கள் இருக்கின்றன. ஒரு போலோ ரீசேட்டை முழுதாகத் தைக்க 15 நிமிட வேலை தேவை என்று வேலை ஆய்வுப் பிரிவு அளந்து வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் இதை எஸ்.எம்.வி. என்பார்கள். 30 பேர் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் 1800 நிமிடங்கள். அதை 15ஆல் பிரித்தால் 120 பீஸ். எந்த லைனும் நூறு வீதம் ஓடுவதில்லை. பழகிய லைன் 60 வீதத்தில் ஓடுகிறது என்று வைத்தால் மணிக்கு 72 பீஸ் வரும்.

இன்று இரண்டு விடயங்கள் மாறியிருக்கின்றன. நான்கு பேர் வரவில்லை. அத்துடன் இது புதிய ஸ்டைல். இந்த போலோவைத் தைக்கத் தொடங்கும் முதல் நாள். 26 பேருடன் கணக்குப் பார்த்தால் நூறு வீதத்திலேயே 104 பீஸ்தான். கை பழகாத முதல் நாளில் 30 வீதம் கிடைத்தால் மணிக்கு 31. எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 250 பீஸ்.

ஆனால் பலகையில் 72 என்று எழுதியிருந்தால் நாள் முடிவில் 576 எதிர்பார்க்கப்படுகிறது. மேற்பார்வையாளர் அந்தப் பழைய எண்ணையே காலையில் வாசித்தால் என்ன நடக்கும்? 11.30 மணிக்கு பலகையில் 288 இருக்க வேண்டும், இருப்பது 100. 188 பீஸ் கடன். அந்தக் கடனை அடைக்கத்தான் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், சாப்பாட்டை அவசரமாக முடிக்கிறார்கள். பிழையான தையலும் பார்த்தும் பாராததுபோல அடுத்த மெசினுக்குப் போகிறது. பின்னேரம் அதே பீஸ்கள் கழற்றித் தைப்பதற்காகத் திரும்பி வருகின்றன.

எனவே நல்ல மேற்பார்வையாளரின் வேலை 7.30க்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. வரவுப் பதிவைப் பார்த்து, உற்பத்தி முகாமையாளரிடம் போய், இன்றைய எண்ணைத் திருத்தி வாங்கிக்கொண்டுதான் அவர் லைனுக்கு வருகிறார்.

ஒரே ஒரு இடம்

அடுத்தது, கவனிக்க வேண்டிய இடம். போலோவில் கழுத்துக்குக் கீழே பொத்தான் வரும் பட்டியை, அதாவது பிளக்கட்டை, தைப்பதுதான் கடினம். அந்த மெசினில் இருப்பவருக்குப் புதிதில் ஒரு பீஸுக்கு 3 நிமிடம் பிடித்தால் மணிக்கு 20 பீஸ்தான் வரும். மற்ற 25 பேரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைனின் கடைசியில் 20க்கு மேல் விழாது. கை பழகி 2 நிமிடத்துக்கு வந்தால் 30. அதைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டாவது ஆளை அங்கே இருத்த வேண்டும்.

எல்லோரும் வேகமாகத் தையுங்கள் என்று சொல்வதில் பயனில்லை என்பது இதனால்தான். முன்னால் இருப்பவர்கள் வேகமாகத் தைத்தால் பிளக்கட் மெசினுக்கு முன்னால் பண்டில் மலைபோல் குவியும். அந்தக் குவியலைப் பார்த்துப் பதறுவது அங்கே இருக்கும் ஒரு பெண்தான்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் அன்றைய பேச்சு இப்படி அமையலாம்:

"காலை வணக்கம் பிள்ளைகள். நேற்றுக் கடைசி மணித்தியாலத்தில சைஸ் லேபல் மாறி வந்ததைக் கண்டு, லேபல் மெசினில இருந்த அக்கா உடனே நிப்பாட்டிச் சொன்னவ. அவ சொல்லாட்டி இண்டைக்கு முழுப் பண்டிலையும் கழட்டிக்கொண்டு இருப்பம். நன்றி அக்கா. இண்டைக்குப் புது ஸ்டைல், நாலு பேர் வரேல்லை. அதால டார்கெட்டைக் குறைச்சு வாங்கியிருக்கிறன். முதல் ரெண்டு மணித்தியாலமும் 20, பிறகு ரெண்டு மணித்தியாலம் 30, சாப்பிட்டு வந்து 38. மொத்தம் 252. பிளக்கட்டிலதான் இண்டைக்குக் கவனம். ஒவ்வொருத்தரும் முதல் பீஸை எனக்குக் காட்டிப்போட்டுத் தொடருங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு பிளக்கட்டுக்கு இன்னொரு ஆள் தாறன். ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டும் கிடைக்கும் வரைக்கும் மெசினை ஓட்ட வேண்டாம். ஏதும் கேக்க இருக்கா?"

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மீதி நேரம் அந்தக் கடைசிக் கேள்விக்கு.

எதற்கு நன்றி?

"எல்லோருக்கும் நன்றி, நல்லா செய்தீங்கள்" என்று தினமும் சொன்னால் ஒரு கிழமையில் அது யார் காதிலும் விழாது. குறித்த ஒரு செயலுக்குச் சொல்லும் நன்றி அப்படியல்ல. மெசினை நிறுத்தியதற்கு நன்றி கேட்ட லைனில், அடுத்த முறை பிழையைக் காண்பவர் நிறுத்தத் தயங்கமாட்டார்.

இதே காரணத்தால் நன்றி தவறான பக்கமும் இழுக்கும். காய்ச்சலோடு வேலைக்கு வந்தவரைக் கைதட்டிப் பாராட்டினால், காய்ச்சல் என்று லீவு எடுப்பவர் குற்றவாளியாகிவிடுகிறார். வருகைக்கெனத் தனிக் கொடுப்பனவு இருக்கும் இடங்களில் இந்த அழுத்தம் ஏற்கெனவே உண்டு. 2020 அக்டோபரில் மினுவாங்கொடையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து பெரும் கொரோனாக் கொத்தணி தோன்றியதை நாடே பார்த்தது. சுகமில்லாமல் வேலைக்கு வருவது நன்றி சொல்லக்கூடிய விடயம் அல்ல. பிழை விட்டவரைப் பெயர் சொல்லி நிறுத்துவதும் அப்படித்தான். பிழை நடந்த வேலையைச் சொன்னால் போதும், ஆளைச் சொல்லத் தேவையில்லை.

யாருடைய நேரம்?

இந்தப் பேச்சு 7.30க்குப் பிறகு நடக்கிறதா, 7.20க்கா? ஐந்து நிமிடம் 26 பேருக்கு 130 நிமிடம். முதல் நாள் வேகத்தில் அதில் மூன்று பீஸ்கூட வராது. அவ்வளவுதான் நிறுவனத்துக்கு இழப்பு. ஆனால் தினமும் 10 நிமிடம் முன்னதாக வரச்சொன்னால், மாதத்தில் 25 வேலை நாட்களுக்கு ஒருவரிடமிருந்து 250 நிமிடம், அதாவது நான்கு மணித்தியாலத்துக்கும் அதிகமான நேரம் சம்பளமின்றிப் போகிறது. சம்பளமில்லாத நேரத்தில் சொல்லும் நன்றியை யார் நம்புவார்கள்?

இன்னொன்று மொழி. வலயங்களில் சிங்களத்தில் மட்டும் பேசி முடிக்கும் லைன்களில், மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் போன பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறார்கள். மணிக்கணக்கான எண்களைப் பலகையில் எழுதி, ஊசி பற்றிய அந்த ஒரு வரியையாவது தமிழில் சொன்னால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

பேச்சால் எல்லாம் ஆகாது. முகாமையாளர் 72ஐக் குறைக்க மறுத்தால் மேற்பார்வையாளர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் 11.30க்கு அந்த 188 பீஸ் கடன் வந்து நிற்கும். அப்போதும் அவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அந்த எண் எப்படி வந்தது, இன்று ஏன் அது சாத்தியமில்லை என்பதைக் காலையிலேயே லைனுக்குச் சொல்லிவிடுவது. வராத 188 பீஸுக்குத் தன் கைதான் காரணம் என்று பிளக்கட் மெசினில் இருக்கும் பெண் நினைக்காமல் இருக்க அது உதவும்.