380 கிலோ எங்கே போனது?

நாமக்கல் பக்கத்துத் தீவன ஆலை ஒன்றுக்குக் கர்நாடகாவிலிருந்து மக்காச்சோள லோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 25,000 கிலோ. ஆலை எடைமேடையில் லோடோடு 37,180 கிலோ, இறக்கியபின் காலி லாரி 12,560. நிகர எடை 24,620. குறைவது 380 கிலோ.

‘எடை குறைகிறது’ என்று போனில் சொன்னால் விற்றவர், ‘எங்கள் மேடையில் சரியாக இருந்ததே’ என்பார். அதற்குமேல் பேச்சு நகராது. அவர் அனுப்பிய எடைச்சீட்டை வாங்கி, இங்குள்ள சீட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் லோடு எடை 37,420, காலி எடை 12,420. ஆனால் காலி எடைக்கு எதிரே நான்கு நாள் முந்தைய தேதி! பழைய காலி எடையையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இடையில் டீசல் டேங்க் நிரம்பியிருந்தாலே நூறு கிலோவுக்கு மேல் கூடிவிடும். அந்தக் கூடுதலும் சரக்குக் கணக்கில் ஏறியிருக்கும்.

அதனால்தான் இரண்டு எடையும் ஒரே மேடையில், இறக்குவதற்குச் சற்று முன்னும் பின்னும் எடுக்கப்பட வேண்டும். நடுவில் டீசல் போடக்கூடாது. தார்ப்பாய், ஸ்டெப்னி, கிளீனர் எல்லாம் இரண்டு முறையும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். சாக்கு எடைக்கான கழிவு எவ்வளவு என்பதையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. லோடு எடையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தால், இறக்குவதற்கு முன் வெளி எடைமேடை ஒன்றில் மறு எடை போடுங்கள். இறக்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மேடைக்கு எடையளவுத் துறை ஆண்டுதோறும் தரும் முத்திரைச் சான்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

விற்றவர் அடுத்துச் சொல்வது ‘வழியில் காய்ந்திருக்கும்’. ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து 13 ஆனால் 25,000 கிலோவில் சுமார் 287 கிலோ குறைவது உண்மைதான். எனவே இறக்கும்போதே ஈரப்பதம் பார்த்து எழுதிவையுங்கள். ஏற்றிய இடத்து அளவும் இதுவும் ஒன்றாக இருந்தால் அந்த வாதம் நிற்காது.

டிரைவர் கிளம்புமுன் லாரி ரசீதின் இரண்டு பிரதிகளிலும் குறைவை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்கே போகும் கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்: பில் எண், லாரி எண், இரு தரப்பு நிகர எடை, வித்தியாசம், கேட்கும் தொகை. ஒப்பந்தத்தில் அரை சதவீதம் கழிவு உண்டென்றால் 125 கிலோவைக் கழித்து, மீதி 255 கிலோவுக்குக் கிலோ 24 ரூபாய் வீதம் 6,120 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் கேட்கலாம். முழு 380 கிலோவுக்கும் கேட்டுப் பார்ப்பது பேரத்துக்கு உதவாது, நம்பிக்கையைத்தான் கெடுக்கும்.

இரண்டு சீட்டுகளையும் இணைத்து, காலி எடையின் தேதியை வட்டமிட்டு அனுப்புங்கள். தெர்மல் தாளில் அச்சான சீட்டு சில மாதங்களில் வெளிறிப்போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.